போகிக்கும் திங்களுக்கும் லீவு போட்டா எத்தன நாள் கழியும்?

ஒரு கணக்கு தர்றேன். பேப்பர், பேனா வேண்டாம், மனசுலயே போடுங்க.

2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி மாட்டுப் பொங்கல், ஆபீஸ் லீவு. அடுத்து சனி, ஞாயிறு. ஊருக்குப் போறவர் போகிக்கே வீட்ல இருக்கணும்னு 14-ஆம் தேதி புதன்கிழமை லீவு போடுறார். ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ல டிக்கெட் கிடைக்கல, அதனால 19 திங்கள்கிழமையும் லீவு.

அவர் கணக்குல இருந்து எத்தன நாள் கழியும்?

ரெண்டுன்னு சொன்னவங்க இருப்பீங்க. ஆறுன்னு சொன்னவங்களும் இருப்பீங்க. நாலுன்னு ஒரு பதிலும் உண்டு (பண்டிகை லீவு ரெண்டையும் விட்டுட்டு, சனி ஞாயித்த மட்டும் சேர்க்குறவங்க). எங்க ஆபீஸ்ல இந்த மூணு பதிலுமே வந்துச்சு. மூணு மேனேஜர், மூணு பதில். மூணு பேரும் படிச்சது ஒரே பாலிசி.

இது வெறும் கணக்குச் சண்டை இல்லங்க. மாசம் 30,000 ரூபாய் சம்பளம், பேலன்ஸ்ல இருக்குற லீவு ரெண்டே நாள்னு வைங்க. 30-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 1,000. ரெண்டு நாள்னு சொல்ற மேனேஜர்கிட்ட வேலை பாக்குறவருக்கு ஒரு பைசா குறையாது. நாலுன்னு சொல்றவர்கிட்ட இருந்தா 2,000 போகும். ஆறுன்னா 4,000. பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்திருக்குற ரெண்டு பேருக்கு 4,000 ரூபாய் வித்தியாசம், காரணம் அவங்கவங்க மேனேஜர். இதப் பாத்துட்டு எனக்கு வந்த கோவத்துலதான் இந்தப் பதிவு.

நான் எச்.ஆர்.ல இருக்கேன். புது லீவு பாலிசி ஜனவரி 1-ல இருந்து அமலுக்கு வரணும்னு முடிவாச்சு. அதோட சேர்த்து மேனேஜர்களுக்கு ஒரு கேள்வி-பதில் தொகுப்பு, அதாவது எஃப்ஏக்யூ, எழுதுற வேலை எங்க டீமுக்கு வந்துச்சு. அந்த வேலைய எப்படிச் செஞ்சோம், எங்க மாட்டிக்கிட்டோம், என்ன பண்ணி வெளிய வந்தோம்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன். இதே வேலை உங்க தலையிலயும் விழுந்திருந்தா உபயோகப்படும்.

மேனேஜர் மேல தப்பு இல்ல

முதல்ல ஒண்ணு. மூணு பேர் மூணு பதில் சொன்னாங்கன்னு கேட்டதும், "பாலிசிய ஒழுங்காப் படிக்கல"ன்னு எல்லாரும் மேனேஜர்களத் திட்டினாங்க. நான் மூணு பேர்கிட்டயும் தனித்தனியா உக்காந்து, "ஏன் இந்த நம்பர் சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

ஆறுன்னு சொன்னவரோட அப்பா மத்திய அரசு ஊழியர். அங்க ஈட்டிய விடுப்பு எடுத்தா முன்னாடி பின்னாடி ஒட்டி வர்ற விடுமுறையச் சேர்க்க மாட்டாங்க, ஆனா நடுவுல வர்றது லீவுலதான் சேரும். (தற்செயல் விடுப்புன்னா நடுவுல வர்றதும் சேராது. இந்த வித்தியாசம் அரசு வேலையில இருக்குறவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு.) சின்ன வயசுல இருந்து அப்பா லீவு கணக்குப் போடுறதப் பாத்தவர் அவர். அவருக்கு அதுதான் உலக நியாயம்.

ரெண்டுன்னு சொன்னவர் பதினஞ்சு வருஷத்துக்கு மேல தொழிற்சாலையில இருந்தவர். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 79-வது பிரிவு, சம்பளத்தோட கூடிய லீவுக்கு நடுவுல வந்தாலும் சரி, ரெண்டு முனையில வந்தாலும் சரி, விடுமுறை நாளச் சேர்க்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லியிருந்துச்சு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவுங்குற கணக்கும் அதே பிரிவுதான். (2025 நவம்பர் 21-ல இருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தாச்சு. 20-க்கு ஒண்ணு அப்படியே இருக்கு, வருஷத்துல 240 நாள் வேலை செஞ்சிருக்கணும்ங்குற தகுதி 180 ஆகியிருக்கு.) அந்தப் பழக்கத்துல வளர்ந்தவர் வேற எப்படிச் சொல்வார்?

நாலுன்னு சொன்னவரோட முந்தின கம்பெனியில அதான் விதி.

எங்க பாலிசி என்ன சொல்லியிருந்துச்சு? "விடுப்புக்கு இடைப்பட்ட விடுமுறை நாட்கள் நடைமுறையில் உள்ள விதிகளின்படி கணக்கிடப்படும்." அவ்வளவுதான். நடைமுறையில உள்ள எந்த விதி? யாரோட நடைமுறை? பாலிசி ஒரு இடத்துல வாய மூடிக்கிட்டா, மேனேஜர் அந்த இடத்த தன் பழைய அனுபவத்த வச்சு நிரப்புவார். நிரப்பித்தான் ஆகணும். எதிர்ல ஒருத்தர் லீவு ஃபார்மோட நிக்கிறாரே.

அதனால எங்க கேள்வி-பதில் வேலை, பாலிசிய விளக்குறதா ஆரம்பிக்கல. எந்தெந்த இடத்துல மேனேஜர் தன் அனுபவத்த வச்சு நிரப்புறார்னு தேடுறதுலதான் ஆரம்பிச்சுது.

கேள்விய யார் வாயில இருந்து எடுக்குறது?

எங்க டீம்ல முதல் வரைவு வழக்கமான பாணியில வந்துச்சு. "இடைப்பட்ட விடுமுறை நாட்கள் எவ்வாறு கணக்கிடப்படும்?"னு கேள்வி. இப்படி யாராவது கேட்டுப் பாத்திருக்கீங்களா? நான் கேட்டதே இல்ல. பாலிசியோட தலைப்பத் தூக்கி, கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டு வச்சது அது.

ஆள் எப்படிக் கேப்பார்? "சார், போகிக்கும் திங்களுக்கும் லீவு போட்டா எத்தன நாள் கழிப்பீங்க?"

இதுதான் கேள்வி. இப்படியே எழுதணும். ஏன்னா மேனேஜர் கேள்விய அந்த ரூபத்துலதான் கேக்குறார், அந்த ரூபத்துலதான் தேடுவார். "இடைப்பட்ட"ங்குற வார்த்தைய அவர் தேடவே மாட்டார். "பொங்கல்"னு தேடுவார், "திங்கக்கிழமை"ன்னு தேடுவார், "சாண்ட்விச்"னு தேடுவார் (நம்ம ஆபீஸ்கள்ல எல்லாரும் இதுக்கு வச்சிருக்குற பேரு அதானே).

நிஜக் கேள்விகள் எங்க கிடைக்கும்? நாங்க மூணு இடத்துல எடுத்தோம். ஒண்ணு, எச்.ஆர். மெயிலுக்கு லீவு சம்பந்தமா வந்த பழைய கேள்விகள். ரெண்டு, சம்பளம் போட்ட மறுநாள் "ஏன் பிடிச்சீங்க?"ன்னு வர்ற புகார்கள். இதுல கிடைக்கிற சரக்குக்கு ஈடே இல்ல. மெயில்ல கேக்குறது சந்தேகம், சம்பளத்துக்கு அப்புறம் வர்றது வலி. எங்க வலிச்சதோ அங்கதான் பதில் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். மூணாவது, ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள். அவங்க எதையும் எழுத மாட்டாங்க, போன்லயே முடிச்சுடுவாங்க. நேர்ல போய் டீ குடிச்சுக்கிட்டே கேட்டாத்தான் வரும்.

சரியான பதில்தான் என்ன?

இங்க ஒரு முக்கியமான விஷயம். கேள்வி-பதில்ல புது விதி போடக் கூடாது. பாலிசியில இல்லாத ஒரு முடிவ பதில்ல எழுதிட்டா, அது பின்வாசல் வழியா வந்த விதி. நாளைக்கு ஒருத்தர் பாலிசியக் காட்டுவார், இன்னொருத்தர் கேள்வி-பதிலக் காட்டுவார். அதனால பதில் எழுத முடியலன்னா எழுதாதீங்க. பாலிசி எழுதுறவங்ககிட்ட திருப்பி அனுப்புங்க.

இதுக்குத்தான் ரெண்டையும் ஒண்ணா எழுதணும்னு நான் அடம்பிடிக்கிறேன். பாலிசிய வெளியிட்டு, ஒரு மாசம் கழிச்சு கேள்வி வந்ததும் எஃப்ஏக்யூ போடலாம்னா, ஓட்டைய அடைக்கிற நேரம் தாண்டிடும். பாலிசி வரைவா இருக்கும்போதே கேள்விய வச்சு இடிச்சுப் பாத்தா, எம்.டி. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே வாக்கியத்த மாத்திக்கலாம்.

எங்க பொங்கல் கேள்வி அப்படித்தான் திரும்பிப் போச்சு. ரெண்டு கூட்டம் நடந்துச்சு, சத்தமாவே நடந்துச்சு. கடைசியில பாலிசி வாக்கியம் இப்படி ஆச்சு: முன்கூட்டியே அனுமதி வாங்கின லீவுன்னா, அவரவருக்கு வேலை நாளா இருக்குற நாள் மட்டும்தான் கழியும். வார லீவும் பண்டிகை லீவும் எங்க வந்தாலும் சேராது. வார லீவுக்கு முன்னாடி வேலை நாளும் பின்னாடி வேலை நாளும் தகவலே சொல்லாம வரலன்னா மட்டும், நடுவுல இருக்குற வார லீவுக்கும் சம்பளம் கிடையாது. பண்டிகை லீவ எந்த நிலையிலயும் தொடக் கூடாது.

கடைசி வரியில நான் உறுதியா நின்னேன். தமிழ்நாட்டுல 1958-ஆம் வருஷத்து தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட அஞ்சு பண்டிகை நாள், ஆக ஒன்பது நாள் சம்பளத்தோட லீவு. சட்டம் குடுத்த நாள ஒரு மேனேஜர் போன்ல "அதுவும் கட்"னு சொல்ற நிலைமைக்கு இடமே இருக்கக் கூடாது.

சரி, இப்ப நம்ம கணக்குக்கு பதில்? ரெண்டு நாள். முடிஞ்சுதா?

முடியல. "அவரவருக்கு வேலை நாளா இருக்குற நாள்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. எங்க சென்னை ஆபீஸுக்கு வாரம் அஞ்சு நாள். ஒரகடத்துல இருக்குற பிளான்ட்டுக்கு ஆறு நாள். பிளான்ட்காரருக்கு 17 சனிக்கிழமை வேலை நாள். அவரும் இதே மாதிரி 14-ல இருந்து 19 வரைக்கும் வரலன்னா, 14, 17, 19, ஆக மூணு நாள் கழியும். ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு பிளான்ட் ஆட்களுக்கு லீவு அப்ரூவ் பண்ற மேனேஜர்கள் எங்ககிட்ட இருக்காங்க. அவங்க "ரெண்டு"ன்னு மனப்பாடம் பண்ணிட்டா, பிளான்ட் ஆளுக்குத் தப்பாப் போயிடும்.

அதனால பதில் கடைசியில இப்படி வந்துச்சு:

"சார், போகிக்கும் திங்களுக்கும் லீவு போட்டா எத்தன நாள் கழிப்பீங்க?

ஆபீஸ்ல இருக்கிறவருக்கு 2 நாள் (14, 19). பிளான்ட்ல இருக்கிறவருக்கு 3 நாள் (14, 17, 19). 15, 16 பண்டிகை லீவு, 18 ஞாயிறு. இதெல்லாம் யாருக்கும் கழியாது. பாலிசி பிரிவு 4.2.

நீங்க செய்ய வேண்டியது: ஆளோட வேலை நாள் அஞ்சா, ஆறான்னு சிஸ்டத்துல பாருங்க. லீவு கிளம்புறதுக்கு முன்னாடி அப்ரூவ் பண்ணுங்க.

நீங்க முடிவு செய்யக் கூடாதது: பண்டிகை லீவுக்குச் சம்பளம் பிடிக்கிறது."

கவனிச்சீங்களா? முதல் வரியிலயே நம்பர் வந்துடுது. மேனேஜர் போன்ல பேசிக்கிட்டே ஒரு கையில ஸ்க்ரோல் பண்ணுவார். காரணமும் பிரிவு நம்பரும் முதல்ல வந்து, எத்தன நாள்ங்குறது கடைசியில வந்தா, அவர் பாதியில நிறுத்திட்டு தனக்குத் தெரிஞ்சதச் சொல்லிடுவார். தேதியோட இருக்கணும். "உதாரணமாக, விடுப்புக்கு இடையில் இரு நாட்கள் வந்தால்"னு எழுதினா மறுபடி ஆளுக்கு ஒரு கணக்குப் போடுவாங்க. தேதி போட்டுட்டா காலண்டரப் பாத்து சரிபார்த்துக்கலாம்.

அரை நாள்னு ஒருத்தர் கேட்டார்

எல்லாம் எழுதி முடிச்ச மிதப்புல இருந்தோம். பிளான்ட்ல ஒரு சூப்பர்வைசர், அமைதியா ஒரு கேள்வி கேட்டார்: "சனிக்கிழமை மத்தியானம் சொல்லாம கிளம்பிட்டான், திங்கக்கிழமையும் வரல. ஞாயித்துக்கிழமை சம்பளம் உண்டா இல்லயா?"

ரூம்ல எல்லாரும் பாலிசியப் புரட்டினோம். "முன்னாடி வேலை நாளும் பின்னாடி வேலை நாளும் வரலன்னா"ன்னு இருக்கு. பாதி நாள் வந்தவர் வந்தவரா, வராதவரா? பாலிசிக்குத் தெரியல. மறுபடி திருப்பி அனுப்பினோம். ஒரு நாள்ல கொஞ்ச நேரம் வேலை செஞ்சிருந்தாலும் அந்த நாள் "வராத நாள்" ஆகாதுன்னு சேர்த்தாங்க. ஆக ஞாயித்துக்குச் சம்பளம் உண்டு, சனிக்கிழமை அரை நாளும் திங்களும்தான் போகும்.

இந்த மாதிரி ஒரு கேள்வி, பாலிசி எழுதின யாருக்கும் தோணாது. தினமும் ஆள் வரலன்னு லைன்ல நிக்கிறவருக்குத்தான் தோணும். அந்த சூப்பர்வைசருக்கு நான் மனசார நன்றி சொன்னேன், இங்கயும் சொல்லிக்கிறேன்.

மேனேஜர் விருப்பம்னு விட்டுடலாமா?

எங்க டீம்லயே பெரிய வாக்குவாதம் வந்த இடம் இது. "சொல்லாம வரல"ன்னா என்ன? வீட்ல திடீர்னு ஒரு சாவு. ஆள் ராத்திரியோட ராத்திரியா ஊருக்குப் போயிட்டார். போன் சார்ஜ் இல்ல. செவ்வாய்க்கிழமை வந்து சொல்றார். இவர் தகவல் சொன்னவரா, சொல்லாதவரா?

ஒரு தரப்பு, "மேனேஜர் சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்யலாம்"னு எழுதச் சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வரிதான் முதல்ல நாம பாத்த வியாதிக்கே காரணம். இளகின மனசு உள்ள மேனேஜர் கீழ இருக்குறவருக்கு ஒரு நியாயம், கறாரானவர் கீழ இருக்குறவருக்கு இன்னொரு நியாயம்.

அதுக்காக மேனேஜர் கையக் கட்டிப் போடணும்னும் நான் சொல்ல மாட்டேன். எல்லாத்துக்கும் எச்.ஆர்.கிட்ட ஓடி வரணும்னா மேனேஜருக்கு மரியாதை இல்ல, ஆளுக்கும் அலைச்சல். நாங்க செஞ்சது, விருப்பத்துக்கு வேலி போட்டது. எந்த வழியில சொன்னாலும் தகவல்தான்: போன், வாட்ஸ்அப், கூட வேலை பாக்குறவர் மூலமா, எதுவானாலும் சரி. திரும்பி வந்து ரெண்டு வேலை நாளுக்குள்ள காரணம் சொன்னா, சாவு, விபத்து, ஆஸ்பத்திரி இந்த மூணுக்கும் மேனேஜரே "தகவல் சொன்னவர்"னு பதிவு பண்ணலாம், யாரையும் கேக்க வேண்டாம், சான்று கேக்கக் கூடாது. இந்த மூணுக்கு வெளிய இருக்குற காரணம்னா எச்.ஆர். முடிவு.

சான்று கேக்கக் கூடாதுங்குறத தனியா எழுதினோம். ஏன்னா சில மேனேஜர்கள் சாவுக்கு சான்றிதழ் கேட்டிருக்காங்க, சிலர் கேட்டதில்ல. துக்கத்துல இருந்து வந்தவர்கிட்ட என்ன கேக்குறோம்ங்குறதும் ஒரே மாதிரி இருக்கணும்ல.

"எனக்குத் தெரியாது"ன்னு சொல்லவும் ஒரு வாக்கியம் வேணும்

சில கேள்விக்கு மேனேஜர் பதிலே சொல்லக் கூடாது. பிரசவ லீவு, நீண்ட நாள் சிகிச்சை, ஈ.எஸ்.ஐ.ல வர்ற உடம்பு சரியில்லாத நாளுக்கான பணம், இதெல்லாம் சட்டத்தோட ஒட்டினது. தகுதி ஆளுக்கு ஆள் மாறும். இங்க மேனேஜர் நல்ல மனசோட ஒரு வார்த்தை தப்பா சொன்னாலும், அத நம்பி ஒரு குடும்பம் திட்டம் போட்டுடும்.

"இக்கேள்விகளுக்கு மனிதவளத் துறையை அணுகவும்"னு எழுதினா போதாது. எதிர்ல நிக்கிறவர்கிட்ட அப்படிச் சொன்னா, துரத்தி விடுற மாதிரி இருக்கு. அதனாலயே மேனேஜர் சங்கடப்பட்டு ஏதோ ஒரு பதில் சொல்லிடுறார். நாங்க அவர் வாயால சொல்ற மாதிரியே ஒரு வாக்கியம் எழுதிக் குடுத்தோம்: "இது நான் சொல்லித் தப்பாப் போயிடக் கூடாதும்மா. நானே எச்.ஆர்.கிட்ட கேட்டு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்." கேக்க வேண்டிய ஆளோட எக்ஸ்டென்ஷன் நம்பர் கீழயே. ஒரு வேலை நாளுக்குள்ள பதில் சொல்றது எங்க பொறுப்புன்னும் எழுதினோம். நாங்க தாமதம் பண்ணினா மேனேஜர் மறுபடி தானா பதில் சொல்ல ஆரம்பிச்சுடுவார், இது நிச்சயம்.

ஒரே பதில்தான் வருதான்னு எப்படித் தெரியும்?

"படிச்சுப் பாத்து கருத்து சொல்லுங்க"ன்னு அனுப்பினா எல்லாரும் "ரொம்ப நல்லா இருக்கு"ன்னு சொல்லிடுவாங்க. அதுல ஒண்ணும் தெரியாது.

நாங்க பரீட்சை வச்சோம். வேற வேற டிபார்ட்மென்ட் மேனேஜர்கள் சிலரக் கூப்பிட்டு, கேள்வி-பதில கையில குடுத்து, அதுல நேரடியா இல்லாத சில கேஸ்களத் தேதியோட குடுத்தோம். ஒருத்தர ஒருத்தர் கேக்கக் கூடாது. விளக்கம் வேண்டாம், நம்பர் மட்டும் எழுதணும்: எத்தன நாள் கழியும், எத்தன நாள் சம்பளம் போகும். முன்னாடியே சொல்லிட்டோம், இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல, எங்க எழுத்துக்கு வைக்கிற பரீட்சைன்னு. ஒரே பதிலப் படிச்ச ரெண்டு பேர் வேற வேற நம்பர் எழுதினா, அந்தப் பதில்தான் ஃபெயில்.

ஃபெயிலான பதில்கள எடுத்துப் பாத்தா சில வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்துச்சு. "பொதுவாக." "வழக்கமாக." "உரிய அனுமதியுடன்." "இயன்றவரை." ஒவ்வொண்ணும் ஒரு கதவு மாதிரி, ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளுவாங்க. "உரிய அனுமதியுடன்"கிறத "லீவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, சிஸ்டத்துல ரிப்போர்ட்டிங் மேனேஜர் அப்ரூவ் பண்ணியிருந்தா"ன்னு மாத்தினதும் அந்தக் கேஸ்ல எல்லாருக்கும் ஒரே நம்பர் வந்துச்சு.

இன்னொண்ணு, பரீட்சையில தெரியாம வேற இடத்துல தெரிஞ்சது. நாங்க எல்லாரும் "ரெண்டு நாள்"னு ஒத்துக்கிட்டோம். லீவு சாஃப்ட்வேர்ல போய் 14, 19-ன்னு போட்டுப் பாத்தா அது ஆறு நாள் காட்டுது! பழைய செட்டிங் மாத்தவே இல்ல. இந்த இடத்துல கேள்வி-பதில் எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஸ்கிரீன்ல ஆறுன்னு வந்தா மேனேஜர் அதத்தான் நம்புவார், நம்பணும்தான். அதனால உங்க உதாரணம் ஒவ்வொண்ணையும் சிஸ்டத்துல ஏத்திப் பாத்துட்டு அப்புறம் வெளியிடுங்க. ஆபீஸ் ஆள் பேர்ல ஒரு தடவை, பிளான்ட் ஆள் பேர்ல ஒரு தடவை.

டிசம்பர்லயே அப்ரூவ் ஆன லீவு?

பாலிசி அறிவிச்ச அன்னிக்கு முதல்ல வர்ற கேள்வி எப்பவும் இதுதான்: "நான் ஏற்கனவே போட்டது என்னாகும்?" பாலிசி எழுதுறவங்க எதிர்காலத்தயே பாத்துக்கிட்டு இருப்பாங்க, இது கண்ணுல படாது. பொங்கலுக்கு டிசம்பர்லயே லீவு போட்டு, பழைய கணக்குப்படி ஆறு நாள்னு அப்ரூவ் ஆனவங்க இருந்தாங்க. நாங்க எழுதின பதில்: லீவு எடுக்கிற தேதிதான் கணக்கு, விண்ணப்பிச்ச தேதி இல்ல. ஜனவரி 1-ல இருந்து வர்ற எல்லா நாளுக்கும் புது விதி. ஆறு கழிஞ்சவங்களுக்கு மீதிய எச்.ஆர். திருப்பி ஏத்தும், அவங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். டிசம்பர் 29-ல இருந்து ஜனவரி 2 வரைக்கும்னு வருஷத்தத் தாண்டின லீவுக்கு, டிசம்பர் நாளுக்குப் பழைய விதி, ஜனவரி நாளுக்குப் புது விதின்னு தேதி போட்டு ஒரு உதாரணம்.

மேனேஜருக்குத் தனியா ரகசியப் பிரதி வேண்டாம்

ஆட்களுக்கு ஒரு கேள்வி-பதில், மேனேஜருக்கு ஒண்ணு, ரெண்டு பிரதி வச்சிருக்கோம். ஆனா பதில் ரெண்டுலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். மேனேஜர் பிரதியில "நீங்க செய்ய வேண்டியது", "நீங்க முடிவு செய்யக் கூடாதது", "யாரைக் கேக்கணும்" மட்டும் கூடுதல். அந்த மேனேஜர் பிரதி ஒரு நாள் வாட்ஸ்அப் குரூப்ல வரும், வந்தே தீரும். வந்தா யாரும் தலைகுனிய வேண்டிய வரி ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னு வச்சுக்கிட்டு எழுதினோம்.

வாட்ஸ்அப்னதும் இன்னொண்ணு. தேதி இல்லாத பிடிஎஃப் ஒண்ணு குரூப்ல போயிடுச்சுன்னா அதுக்கு மரணமே இல்ல. ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் தேதி போடுங்க. பதில் மாறினா சத்தமில்லாம மாத்தாதீங்க, எந்தப் பதில், முன்ன என்ன, இப்ப என்னன்னு மேனேஜர்களுக்கு ரெண்டு வரி மெயில் போகணும். மாத்துற உரிமை ஒரே ஒருத்தர்கிட்ட இருக்கணும்.

"பாலிசிக்கும் இந்தக் கேள்வி-பதிலுக்கும் முரண் இருந்தால் பாலிசியே செல்லும்"னு மேல ஒரு வரி எல்லாரும் போடுவாங்க. நாங்களும் போட்டிருக்கோம், வேணும்தான். ஆனா நாமே எழுதிக் குடுத்த பதில நம்பி ஒருத்தர் லீவு எடுத்துட்டு வந்த அப்புறம், அந்த வரியக் காட்டி அவர் சம்பளத்துல கை வைக்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். அவருக்குச் சொன்னத சொன்னபடி குடுத்துட்டு, மறுநாள்ல இருந்து பதிலத் திருத்தணும்.

ஜனவரி சம்பளத்தப் போடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வேலை. 14-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் வராத எல்லார் பேரையும் சம்பளப் பட்டியல்ல இருந்து எடுத்து, மேனேஜர் வாரியாப் பிரிச்சு, கழிஞ்ச நாளப் பக்கத்துல வச்சோம். ஆபீஸ்ல 2, பிளான்ட்ல 3 தவிர வேற நம்பர் வந்த ஒவ்வொரு வரியையும் அந்த மேனேஜருக்குப் போன் போட்டுக் கேட்டோம். சிலது நியாயமான காரணம் (திங்களுக்குப் பதிலா செவ்வாய் வரைக்கும் இழுத்தவங்க). சிலது, சாஃப்ட்வேர்ல ஒரு பிளான்ட் டிபார்ட்மென்ட் மட்டும் அஞ்சு நாள் வாரம்னு பதிவாகியிருந்துச்சு, அத அன்னிக்கே சரி பண்ணியாச்சு. அடுத்து தீபாவளி. அந்த நேரத்துல எந்தத் தேதிக்கு லீவு போடுவாங்கன்னு காலண்டரப் பாத்து, கேள்வி-பதில்ல இருக்குற பொங்கல் தேதிகள எடுத்துட்டு தீபாவளித் தேதிகள எழுதணும். செப்டம்பர்ல உக்காரணும்னு டைரியில குறிச்சு வச்சிருக்கேன்.